மேல் காந்தாரம் காணாம போன கச்சேரி: ரெண்டு மைக், நடுவுல 35 சென்டிமீட்டர்

போன மார்கழில மயிலாப்பூர் பக்கம் ஒரு சின்ன ஹால்ல நடந்தது. சுமார் இருநூறு பேர் உக்காரலாம், ஏசி ஹால், ஸ்பீக்கர் ரெண்டு பக்கமும் இருந்தாலும் ரெண்டுலயும் ஒரே சத்தம்தான் போகும், அதாவது மோனோ. மிக்ஸர்ல நான். பாடினவங்க பேரு வேணாம், அஞ்சு கட்டை சுருதி, நல்ல கனமான குரல், அந்த கனம்தான் இந்த கதைல பாதில காணாம போச்சு.

அன்னிக்கு எல்லா ட்ராக்கும் தனித்தனியா லேப்டாப்புல ரெக்கார்ட் ஆயிட்டு இருந்ததால அப்புறம் வீட்ல உக்காந்து பிரிச்சு மேய முடிஞ்சுது. இல்லன்னா நானும் "மைக் சரியில்ல"ன்னு சொல்லிட்டு போயிருப்பேன்.

செட்டப் இதுதான். பாடறவங்களுக்கு ஸ்டாண்டுல ஒரு சாதாரண டைனமிக் மைக், வாய்லேர்ந்து 12 சென்டிமீட்டர். வயலினுக்கு ஒண்ணு, மிருதங்கத்துக்கு ரெண்டு, கஞ்சிராவுக்கு ஒண்ணு. இது எப்பவும் இருக்கறது. புதுசா வந்தது வீடியோ எடுக்க வந்த தம்பி கொண்டு வந்த ஒரு கண்டென்சர் மைக். "அண்ணா, இது முன்னாடி இருந்தா வீடியோல சவுண்ட் நேச்சுரலா இருக்கும், உங்க மிக்ஸர்லயே குத்திக்கறேன், நீங்க எனக்கு ஒரு அவுட் குடுங்க போதும்"னான். சரின்னு ஒன்பதாவது சேனல்ல குத்தினோம். அந்த மைக் பாடறவங்க மைக்குக்கு நேர் பின்னாடி, கொஞ்சம் கீழ, வாய்லேர்ந்து 47 சென்டிமீட்டர். அந்த சேனல் கேமராவுக்கு மட்டும் போகணும்னு நான் செட் பண்ணிருக்கணும். பண்ணல. புது சேனல் எதுவா இருந்தாலும் அந்த மிக்ஸர் அதை நேரா மெயினுக்கும், அதாவது ஹால் ஸ்பீக்கருக்கும், அனுப்பிடும், நான் அதை எடுத்து விடல. தப்பு என் மேலதான், அதை முதல்லயே சொல்லிடறேன்.

சவுண்ட் செக்ல ஒண்ணும் தெரியல. வர்ணம் ரெண்டு வரி பாடினாங்க, நல்லா இருந்துது. கச்சேரி ஆரம்பிச்சு இருவது நிமிஷத்துல வீடியோ தம்பி வந்து காதுல "அண்ணா என் மைக் ரொம்ப கம்மியா இருக்கு, கொஞ்சம் ஏத்துங்க"ன்னான், நானும் 10 டெசிபல் கெயின் ஏத்தி விட்டேன். அப்பவே குரல் லேசா மாறின மாதிரி இருந்துது, ஆனா கைதட்டல், ஆளுங்க உள்ள வர்றது, இதுல கவனிக்கல. அப்புறம் கல்யாணி ஆலாபனை ஆரம்பிச்சாங்க. மத்திய ஸ்தாயில எல்லாம் ஓரளவு ஓகே. மேல் சட்ஜம் பிடிச்சாங்க, கொஞ்சம் மெலிஞ்சுது. மேல் காந்தாரத்துக்கு போய் நின்னாங்க பாருங்க, குரல்ல இருந்த உடம்பே போயி, மேல மட்டும் ஒரு மெல்லிசு கோடு மாதிரி கேக்குது. முன் வரிசைல இருந்த ஒரு மாமா திரும்பி என்னை பாத்து, "என்னப்பா, குடத்துக்குள்ள தலைய விட்டு பாடற மாதிரி இருக்கே?"ன்னார். இத விட சரியா யாராலயும் சொல்ல முடியாது, ஏன்னு கீழ சொல்றேன்.

நான் முதல்ல பண்ணது எல்லாரும் பண்றதுதான், ஈக்யூ, அதாவது வேணுங்கற அதிர்வெண்ணை மட்டும் ஏத்தி இறக்கறது. ஐநூறு ஹெர்ட்ஸ் பக்கம் ஓட்டையா இருக்குன்னு காது சொல்லுச்சு, அங்க 6 டெசிபல் ஏத்தினேன். காந்தாரம் வரல. ஆனா அதுக்கு ரெண்டு பக்கமும் இருந்த சத்தம் எல்லாம் வீங்கிப்போயி, ஸ்பீக்கர் ஊன்னு ஊளையிட ஆரம்பிச்சுது. இறக்கிட்டேன். அப்புறம் தோணி ஒன்பதாவது சேனல்ல அலைய தலைகீழா திருப்பி போடற போலாரிட்டி பட்டனை அமுக்கினேன், காந்தாரம் டக்குனு திரும்பி வந்துது, ஆனா இப்ப கீழ் ஸ்வரங்கள் எல்லாம் ஒல்லியாயிடுச்சு, குடத்துலேர்ந்து எடுத்து டெலிபோன்ல போட்ட மாதிரி. அந்த நிமிஷம்தான் புரிஞ்சுது. பட்டனை பழையபடி வெச்சுட்டு ஒன்பதாவது சேனலை மெயின்லேர்ந்து எடுத்து விட்டேன். மொத்த சத்தம் கொஞ்சம் குறைஞ்சுது, ஆனா குரல் முழுசா வந்துது. மாமா திரும்பி பாக்கல, அதுவே போதும்.

இந்த "சத்தம் குறையுது ஆனா குரல் நிறையுது" அப்படிங்கறதுதான் இந்த வியாதிய கண்டுபிடிக்க இருக்கற முதல் சோதனை. ஒரு மைக்கை மூடினா டோன் நல்லாகுதுன்னா ரெண்டு மைக்கும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடுதுன்னு அர்த்தம். ரெண்டு மைக்கையும் தனித்தனியா கேட்டா ரெண்டுமே நல்லாதான் இருக்கும், அதனாலதான் எல்லாரும் மைக்கை, கேபிளை, பாடறவங்க தொண்டைய எல்லாம் சந்தேகப்படுவாங்க.

இப்ப ஏன்னு பாப்போம். ஏசி ஹால்ல, 24 டிகிரில, சத்தம் ஒரு செகண்டுக்கு சுமார் 346 மீட்டர் போகும். ஒரு மில்லிசெகண்டுக்கு 34.6 சென்டிமீட்டர். பாடறவங்க வாய்லேர்ந்து கிளம்பின சத்தம் கிட்ட இருக்கற மைக்கை தொட்டுட்டு, இன்னும் 35 சென்டிமீட்டர் நடந்து ரெண்டாவது மைக்குக்கு போகுது, அதனால ரெண்டாவதுல 1.01 மில்லிசெகண்ட் லேட். ஒரே குரல், ரெண்டு காப்பி, ஒண்ணு கொஞ்சம் லேட்டா. மிக்ஸர் ரெண்டையும் கூட்டி ஒண்ணாக்குது, அங்கதான் வில்லங்கம்.

சத்தம்னா காத்து முன்ன தள்றதும் பின்ன இழுக்கறதும். 494 ஹெர்ட்ஸ் ஸ்வரத்துல ஒரு முழு தள்ளல்-இழுவைக்கு 2.02 மில்லிசெகண்ட் ஆகும், பாதிக்கு 1.01. அதாவது நம்ம லேட் சரியா பாதி சுத்து. கிட்ட மைக் "தள்ளு"ங்கற நேரத்துல தூர மைக் "இழு"ங்குது, கூட்டினா கிட்டத்தட்ட சைபர். 988 ஹெர்ட்ஸ்ல அதே 1.01 மில்லிசெகண்ட் சரியா ஒரு முழு சுத்து, ரெண்டும் ஒண்ணா தள்ளும், சத்தம் ஏறும். 1482ல ஒன்றரை சுத்து, மறுபடி அடிச்சுக்கும். 1976ல ரெண்டு சுத்து, ஏறும். இப்படியே மேல வரைக்கும் ஒரு பள்ளம் ஒரு மேடு, ஒரு பள்ளம் ஒரு மேடு, எல்லாம் ஒரே இடைவெளில. கிராஃப்ல பாத்தா சீப்பு பல்லு மாதிரி இருக்கும், அதனாலதான் கோம்ப் ஃபில்டரிங்னு பேரு. முதல் பள்ளத்தை கண்டுபிடிக்க ஒரே கணக்கு:

`f = c / (2 × d)`

c சத்தத்தோட வேகம், d ரெண்டு மைக்குக்கும் தூர வித்தியாசம். 346ஐ 0.70ஆல வகுத்தா 494. அடுத்தடுத்த பள்ளம் அதோட 3 மடங்கு, 5 மடங்கு, 7 மடங்கு. மே மாசம் வெளில பந்தல்ல 35 டிகிரில பண்ணா வேகம் 352 ஆகும், பள்ளம் எட்டு ஒன்பது ஹெர்ட்ஸ்தான் நகரும், அதனால வெயில் மேல பழி போட முடியாது.

இப்ப அந்த காந்தாரத்துக்கு வாங்க. அஞ்சு கட்டைன்னா சட்ஜம் 196 ஹெர்ட்ஸ், மேல் சட்ஜம் 392. கல்யாணில வர்றது அந்தர காந்தாரம், சட்ஜத்துக்கு ஒன்னேகால் மடங்கு, அப்ப மேல் காந்தாரம் 490. பள்ளம் 494ல. நேரா பள்ளத்துல போய் விழுந்திருக்கு. இதோட முடியல. ஒரு குரல் பாடற ஸ்வரத்துல அந்த ஒரு அதிர்வெண் மட்டும் இருக்காது, அதோட ரெண்டு மடங்கு, மூணு மடங்கு, நாலு மடங்குன்னு மேல அடுக்கடுக்கா இருக்கும், அந்த அடுக்குதான் குரலோட நிறம். 490க்கு மூணு மடங்கு 1470, பள்ளம் 1482ல. அஞ்சு மடங்கு 2450, பள்ளம் 2470ல. அதாவது 1, 3, 5ன்னு ஒத்தைப்படை அடுக்கு எல்லாம் பள்ளத்துல, 2, 4, 6ன்னு ரெட்டைப்படை அடுக்கு எல்லாம் மேட்டுல. மிச்சம் இருக்கற 980, 1960, 2940 இதெல்லாம் சேந்தா அது 980ஐ அடிப்படையா வெச்ச ஒரு ஸ்வரத்தோட அடுக்கு, அதே காந்தாரம்தான் ஆனா ஒரு ஸ்தாயி மேல. அதான் ஸ்வரம் தப்பல, சுருதி விலகல, ஆனா உடம்பில்லாம மேல ஒரு கோடு மட்டும் கேட்டுது. ரிஷபத்துலயோ மத்யமத்துலயோ இவ்ளோ மோசமா இல்ல, ஏன்னா அதுங்களோட அடுக்கு பல்லோட இவ்ளோ கச்சிதமா பொருந்தல.

அப்ப எல்லா ஸ்வரத்துக்கும் வந்த அந்த குடம் மாதிரி டோன்? குடத்துக்குள்ளயோ குழாய்க்குள்ளயோ பேசினா நம்ம குரல் சுவத்துல பட்டு ஒண்ணு ரெண்டு மில்லிசெகண்ட் லேட்டா திரும்பி வந்து நேர் குரலோட சேரும். காது அதை எதிரொலியா கேக்காது, இவ்ளோ சின்ன லேட்டை பிரிச்சு பாக்க அதுக்கு முடியாது, ரெண்டையும் ஒரே சத்தமா சேத்துக்கும், ஆனா நிறம் மாறினது மட்டும் தெரியும். நம்ம மூளைக்கு சீரான இடைவெளில பள்ளம் விழுந்த சத்தம்னா "ஏதோ பொந்துக்குள்ள இருக்கு"ன்னு சின்ன வயசுலேர்ந்து பழக்கம். ரெண்டு மைக் சேர்ந்து அந்த பொய் பொந்தை உண்டாக்கிடுச்சு. மாமா சொன்னது உவமை இல்ல, பௌதிகம்.

"நமக்கும் ரெண்டு காது இருக்கே, அதுக்கும் இது நடக்கணுமே"ன்னு என் அசிஸ்டென்ட் கேட்டான். நல்ல கேள்வி. பக்கத்துலேர்ந்து வர்ற சத்தம் ரெண்டு காதுக்கும் அரை மில்லிசெகண்டுக்கு மேல வித்தியாசத்துல வரும்தான். ஆனா ரெண்டு காதும் ஒரு ஒயர்ல கூட்டி மூளைக்கு போறது இல்ல, தனித்தனியா போகுது, அந்த வித்தியாசத்தை வெச்சு சத்தம் எந்தப் பக்கம்னு மூளை கண்டுபிடிச்சுக்கும். வம்பு மின்சாரத்துல கூட்டும்போதுதான். அதனாலதான் அன்னிக்கு ராத்திரி ஹெட்போன்ல கிட்ட மைக்கை இடது பக்கம், தூர மைக்கை வலது பக்கம் போட்டு கேட்டா ஒரு குறையும் இல்ல, நடுவுல கொண்டு வந்து சேத்ததும் குடம் திரும்பி வந்துது. போன்ல ஒரே ஸ்பீக்கர்ல கேக்கறவங்களுக்கும் அதே கதிதான்.

சரி, சவுண்ட் செக்ல ஏன் தெரியல? எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்ப பிடிச்ச இடம் இது. பள்ளம் எங்க விழும்னு தூர வித்தியாசம் சொல்லும், எவ்ளோ ஆழம்னு ரெண்டு காப்பியோட சத்த அளவு வித்தியாசம் சொல்லும். ரெண்டும் வேற வேற விஷயம், போட்டு குழப்பிக்க கூடாது. 12 சென்டிமீட்டருக்கும் 47க்கும் தூரத்தாலயே தூர மைக்ல சத்தம் சுமார் 12 டெசிபல் கம்மி, அதாவது கால் பங்கு. ஒண்ணுலேர்ந்து கால் கழிச்சா முக்கால், பள்ளம் வெறும் இரண்டரை டெசிபல், மேடு 2 டெசிபல். யார் காதுக்கும் பெருசா தெரியாது. நான் 10 டெசிபல் ஏத்தினதும் வித்தியாசம் 2 டெசிபலா சுருங்கிடுச்சு. இப்ப ஒண்ணுலேர்ந்து 0.79 கழியுது, மிச்சம் 0.21, பள்ளம் பதிமூணு டெசிபலுக்கு மேல. மேட்டுல 5 டெசிபல். மைக்கை யாரும் ஒரு இஞ்ச் கூட நகத்தல, ஒரு குமிழைத் திருப்பினது மட்டும்தான்.

மூணுக்கு ஒண்ணுன்னு ஒரு விதி சொல்லுவாங்க, ரெண்டாவது மைக் முதல் மைக்கை விட மூணு மடங்கு தூரத்துல இருந்தா பிரச்சனை இல்லன்னு. இங்க நாலு மடங்கு தூரம், விதிப்படி பாஸ். ஆனா அந்த விதி ரெண்டு மைக்குக்கும் ஒரே கெயின் வெச்சாதான். தூரத்தால கிடைச்ச குறைச்சலைதான் அது நம்பி இருக்கு, அதை நாமளே கெயினை ஏத்தி ஈடு கட்டிட்டா விதி செத்துடும். இதை நிறைய பேர் சேத்து சொல்றது இல்ல.

இன்னொண்ணு பாருங்க. மேல் ஸ்தாயில நின்னு பாடும்போது நிறைய பாடகர்கள் மைக்லேர்ந்து கொஞ்சம் பின்ன சாயுவாங்க, சத்தம் வெடிக்க கூடாதுன்னு, அது நல்ல பழக்கம். வீடியோல பாத்தா இவங்களும் காந்தாரத்துல ஒரு 5 சென்டிமீட்டர் பின்ன போறாங்க. ரெண்டு மைக்கும் ஒரே கோட்டுல இருக்கறதால 12 ஆனது 17, 47 ஆனது 52, வித்தியாசம் அதே 35, பள்ளம் நகரவே இல்ல. ஆனா கிட்ட மைக்ல சத்தம் 3 டெசிபல் குறைஞ்சுது, தூர மைக்ல ஒரு டெசிபல் கூட குறையல. மிச்சம் இருந்த அந்த 2 டெசிபல் வித்தியாசமும் போச்சு, ரெண்டும் சரிசமம், பள்ளம் அடி தெரியாம போயிடுச்சு. பாடறவங்க சரியா பண்ண ஒரு விஷயமே குழிய ஆழமாக்கிடுச்சு, பாவம். வயலின் பக்கம் திரும்பி சிரிச்சுண்டே பாடும்போது வேற மாதிரி, அங்க தூர வித்தியாசமே 35லேர்ந்து 31, 32ன்னு மாறும், முதல் பள்ளம் 494லேர்ந்து 550 பக்கம் வழுக்கும், எல்லா பல்லும் சேந்து நகரும். காதுக்கு அது "ஷ்ஷூ"ன்னு யாரோ டோனை பிசையற மாதிரி கேக்கும். தலை ஆடும்போது டோன் ஆடுதுன்னா அது ரெண்டாவது சோதனை, ஈக்யூவோ தொண்டையோ அப்படி ஆடாது.

ஈக்யூ ஏன் தோத்துதுன்னா, பள்ளத்துல ஒண்ணுமே இல்ல, இல்லாததை ஏத்த முடியாது, ஏத்தினா கரையில இருக்கறதுதான் ஏறும். அதுவும் ஒரு பள்ளமா இருந்தா சரி, இருவதாயிரம் ஹெர்ட்ஸ் வரைக்கும் இருவது பள்ளம் இருக்கு. போலாரிட்டி பட்டனும் மருந்து இல்ல, அது மேட்டையும் பள்ளத்தையும் இடம் மாத்தி போடும், அவ்ளோதான். அமுக்கினதும் பள்ளம் 988, 1976ன்னு போயிடுச்சு, சைபர் ஹெர்ட்ஸ்லயும் ஒரு பள்ளம், அதாவது அடி சத்தம் மொத்தமும் சரிவுல. காந்தாரம் பொழைச்சுது, கீழ் ஸ்வரத்தோட கனம் போச்சு. ஒண்ணை காப்பாத்தி இன்னொண்ணை பலி குடுக்கறது.

வீட்ல வந்து ரெண்டு வழில ஊர்ஜிதம் பண்ணேன். ஒண்ணு, பாட்டுக்கு நடுவுல அவங்க நாக்கை "ட்ச்"னு ஒரு தடவை கொட்டினாங்க, அந்த இடத்தை ரெண்டு ட்ராக்லயும் நல்லா பெருசு பண்ணி பாத்தேன். 48 கிலோஹெர்ட்ஸ் ரெக்கார்டிங்ல, அதாவது செகண்டுக்கு 48000 சாம்பிள், தூர மைக்ல அந்த முள்ளு 49 சாம்பிள் தள்ளி நிக்குது. 49ஐ 48000ஆல வகுத்தா 1.02 மில்லிசெகண்ட், சரியா 35 சென்டிமீட்டர். ரெண்டாவது, ரெண்டு ட்ராக்கையும் ஒண்ணா கூட்டி Audacityங்கற ஆடியோ சாஃப்ட்வேர்ல `Plot Spectrum` போட்டு, கைதட்டலும் சேந்து வர்ற ஒரு இடத்தை பாத்தேன், ம்ஹூம், ஒண்ணும் தெரியல. அதுக்கு காரணம் இருக்கு: கைதட்டல் ஹால் முழுக்க வேற வேற இடத்துலேர்ந்து வருது, ஒவ்வொண்ணுக்கும் வேற வித்தியாசம், வேற சீப்பு, எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து மறைஞ்சுடும். அவங்க பாட்டுக்கு நடுவுல மூச்சு இழுக்கற "ஹ்ஹ்" சத்தத்தை மட்டும் வெட்டி போட்டேன், அது வாய்லேர்ந்து வர்ற சத்தம், எல்லா அதிர்வெண்ணும் இருக்கும். `Axis`ஐ `Linear frequency`னு மாத்தினதும் சீப்பு பளிச்சுனு தெரிஞ்சுது, கிட்டத்தட்ட ஆயிரத்துக்கு ஒரு பள்ளம். லாக்ல வெச்சா வலது பக்கம் பல்லெல்லாம் நெருங்கி குப்பை மாதிரி தெரியும், லீனியர்ல வைங்க. பள்ளத்துக்கு பள்ளம் இடைவெளிய வெச்சு 346ஐ வகுத்தா தூர வித்தியாசம் கைல வந்துடும், டேப் எடுத்துட்டு போகவே வேணாம்.

வீடியோ தம்பிக்கு ரெண்டு ட்ராக்கும் தனியா அனுப்பினேன். "அண்ணா கிட்ட மைக் ட்ராக்கை 49 சாம்பிள் பின்ன தள்ளிட்டா போதும்ல?"னு கேட்டான். குரலுக்கு போதும், தள்ளி பாத்தோம், காந்தாரம் முழுசா வந்துது. ஆனா வயலின் சொரசொரன்னு ஆயிடுச்சு. வயலின் இந்த ரெண்டு மைக்லயும் கசிஞ்சு வருது, அதுக்கு ரெண்டு மைக்கும் கிட்டத்தட்ட ஒரே தூரத்துல, ஏற்கனவே சேந்து இருந்ததை நாம ஒரு மில்லிசெகண்ட் பிரிச்சு விட்டோம், குரல்லேர்ந்து எடுத்த சீப்பை வயலின் தலைல வெச்ச மாதிரி. டிலே ஒரு இடத்துலேர்ந்து வர்ற சத்தத்துக்கு மட்டும்தான் வேலை செய்யும், மேடைல அஞ்சு பேர் உக்காந்திருக்காங்க. அதுவும் அவங்க வயலின் பக்கம் திரும்பற இடத்துல அந்த 49 சரி இல்ல, 44 வேணும்.

கடைசில தள்ளலை எடுத்துட்டு, தூர மைக்கை 12 டெசிபல் கீழ இறக்கி லேசா காத்து மாதிரி மட்டும் வெச்சு முடிச்சான். மேல் காந்தாரம் வர்ற அந்த நாப்பது செகண்டுக்கு அதையும் மூடிட்டான்.